தையல் மேசையிலிருந்து மேற்பார்வைக்கு



திருப்பூரிலிருந்து ஒரு தந்தை நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மூத்த மகள் பின்னலாடை நிறுவனமொன்றில் ஒன்பது ஆண்டுகளாகத் தையல் வேலை செய்து வந்தவர். டி-சர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வைப்பதில் அந்த நிறுவனத்திலேயே முதல் கை என்று பெயரெடுத்தவர். மூன்று மாதங்களுக்கு முன் அவரை ஒரு லைனுக்கு மேற்பார்வையாளராக உயர்த்தினார்கள். அன்று வீட்டில் பாயசம் வைத்தார்களாம். இப்போதோ மகள் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. "பழைய மேசைக்கே போய்விடுகிறேன் அப்பா" என்கிறார். "பதவி கொடுத்தவர்கள் முன் தலைகுனிவு ஆகாதா? நாங்கள் அவளுக்கு என்ன சொல்வது?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார் அவர்.

பதிலைக் கடிதத்தில் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. ஒரு ஞாயிறு மாலை நேரில் சென்று அந்தச் சகோதரியுடன் இரண்டு மணி நேரம் பேசினோம். நாமும் ஒரு காலத்தில் ஆலையொன்றில் மேற்பார்வை வேலை பார்த்தவர்கள்தாம். அவர் சொன்னவற்றில் பாதியை நம் பழைய நாள்களின் கதையாகவே கேட்டோம். அவருடைய சம்மதத்தோடு, அவரையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டாமல், அங்கே பேசியவற்றை இங்கே எழுதுகிறோம். முதன்முறையாகப் பிறரை வேலை வாங்கும் பொறுப்புக்கு வந்த மகனோ மகளோ நம் வாசகர் இல்லங்கள் பலவற்றிலும் இருப்பார்கள் அல்லவா?

அவர் லைனில் நடப்பதை முதலில் விளக்கிவிடுவோம். ஒரு டி-சர்ட்டை ஒருவரே முழுவதும் தைப்பதில்லை. ஒருவர் தோளைச் சேர்ப்பார். அடுத்தவர் கழுத்துப் பட்டி வைப்பார். அடுத்தவர் கை வைப்பார். பின்னவர் பக்கங்களை மூட்டுவார். கடைசியாகப் பிளாட்லாக் எந்திரத்தில் கையின் ஓரத்தையும் அடியையும் மடித்துத் தைப்பார்கள். இடையிடையே துணியை எடுத்துக் கொடுக்கவும் அடுக்கவும் கைமடி என்னும் உதவியாளர்கள் உண்டு. ஆற்றில் நீர் ஓடுவதுபோல் துணி ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எந்த மேசை மெதுவாக ஓடுகிறதோ, அதன் வேகமே முழு லைனின் வேகம். மற்றவர்கள் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை.

இந்தச் சகோதரி எழுந்து வந்த கழுத்து மேசையில் புதிதாக ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். மற்ற மேசைகள் ஒரு பீசுக்கு 40 வினாடி எடுக்க, அந்தப் பெண்ணுக்கு 60 வினாடி ஆயிற்று. 40 வினாடி என்றால் மணிக்கு 90 பீஸ். 60 வினாடி என்றால் 60 பீஸ். ஆகவே லைன் முழுவதும் மணிக்கு 60 பீஸ்தான் தந்தது. பலகையில் மணிக்கு மணி எழுதும் எண்ணிக்கையை மேலாளர் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் இந்தச் சகோதரிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் சும்மா இருந்த எந்திரத்தில் தாமே உட்கார்ந்து கழுத்து வைக்கத் தொடங்கினார். அடுத்த மணியில் பலகையில் 90 ஏறியது. மேலாளரும் தலையசைத்தார்.

இதைக் கேட்கும் எவரும், "நல்ல காரியம்தானே செய்தார்" என்பார்கள். நாமும் அன்று அப்படித்தான் எண்ணியிருப்போம். ஆனால் அன்றைய கணக்கைக் கடைசிவரை பார்க்க வேண்டும்.

அவர் எந்திரத்தில் உட்கார்ந்திருந்தது இரண்டு மணி நேரம். அதனால் கிடைத்த லாபம் மணிக்கு 30 வீதம் 60 பீஸ். அந்த இரண்டு மணி நேரத்தில் லைனைச் சுற்றிவர ஆளில்லை. கடைசிப் பிளாட்லாக் எந்திரத்தில் ஊசி முனை மழுங்கி, தையல் விட்டு விட்டு விழுந்தது. தைத்தவர் கவனிக்கவில்லை. அந்த எந்திரத்தின் தையல் சங்கிலி போன்றது. ஒரு கண்ணி விட்டால், துவைத்து இழுக்கும்போது மடிப்பே பிரிந்து வரும். மாலையில் செக்கிங் மேசையில்தான் குறை வெளிப்பட்டது. தைத்த 180 பீசில் 70 பீசைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. பிரித்துத் தைக்க ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 210 நிமிடம், அதாவது ஒருவருக்கு மூன்றரை மணி நேர வேலை. கூடுதலாகக் கிடைத்தது 60 பீஸ். பழுதாய்த் திரும்பியது 70 பீஸ். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றுண்டு. கழுத்து மேசைப் பெண் அன்று எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தம் வேகம் போதாது என்று லைன் முழுவதும் பார்க்கும்படி ஆனதே என்ற கூச்சம் மட்டும் அவருக்கு மிஞ்சியது. மறுநாளும் மணிக்கு 60தான். மறுநாளும் சகோதரி உட்கார்ந்தார்.

இப்படியே ஆறு வாரம் ஓடியிருக்கிறது. பகலெல்லாம் தைத்துவிட்டு, கணக்கு எழுதுவதையும் மறுநாளுக்கு நூல், லேபிள் வந்ததா என்று பார்ப்பதையும் இரவு எட்டு மணிக்கு மேல் செய்திருக்கிறார். உறக்கம் எங்கிருந்து வரும்?

புதிதாகப் பொறுப்புக்கு வருவோரிடம் நாம் கண்ட தவறுகளில் முதன்மையானது இதுவே. கைவேலையில் சிறந்தவர் என்பதால்தான் ஒருவருக்குப் பதவி தருகிறார்கள். பதவி வந்த பின் அந்தக் கைவேலையே அவரைப் பிடித்து இழுக்கிறது. அதில் மனத்துக்கு நிறைவு உண்டு. செய்து முடித்தது கண்ணுக்குத் தெரியும். மேற்பார்வையில் அப்படி உடனே எதுவும் தெரிவதில்லை. நாள் முழுவதும் நடந்து, பேசி, பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது, "இன்று நாம் என்ன செய்தோம்?" என்ற கேள்வி எழும். அந்த வெறுமை பொறுக்காமல் பழைய மேசையை நாடுகிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா ஹில் என்பவர், புதிதாக மேலாளர் ஆன 19 பேரை அவர்களின் முதல் ஆண்டு முழுவதும் பின்தொடர்ந்து பார்த்து, 1992-இல் ஒரு நூல் வெளியிட்டார். தொழிலும் நாடும் வேறு. ஆயினும் தாமே செய்து முடிப்பவர் என்ற நினைப்பிலிருந்து, பிறர் வழியாகச் செய்விப்பவர் என்ற நினைப்புக்கு மாறுவதே அவர்களுக்கும் கடினமாயிருந்தது என்று அதில் காண்கிறோம்.

அப்படியானால் அந்தச் சகோதரி செய்திருக்க வேண்டியது என்ன? எந்திரத்தில் உட்காராமல், அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டும். கடிகாரத்தை வைத்துப் பத்துப் பீஸ் பார்க்க வேண்டும். 60 வினாடியில் ஊசி ஓடுவது எவ்வளவு நேரம், கை துழாவுவது எவ்வளவு நேரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் இதைச் சொன்னதும் அவர் சிறிது யோசித்துவிட்டு, தாமே விடை சொன்னார்: "பட்டியை நான்காகப் பிரித்து அடையாளம் வைத்துக் கொடுத்தால் நேரம் குறையும். அவள் ஒவ்வொன்றையும் கண்ணால் அளந்து இழுக்கிறாள். எனக்கு விரலே சொல்லிவிடும், அதனால் நான் அடையாளம் வைத்ததில்லை." ஒன்பது ஆண்டு அனுபவம் விரலில் இருக்கிறது, அதை வாய்க்குக் கொண்டுவர அவருக்கு அதுவரை தேவை ஏற்படவில்லை. கைதேர்ந்தவர்கள் கற்பிக்கத் திணறுவது இதனால்தான்.

இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பழகிய ஆள்கள் படைக்குப் போய்விட, தொழிலே அறியாதவர்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு விரைந்து கற்பிக்க, 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு மேற்பார்வையாளர்களுக்கென்றே ஒரு பயிற்சி நடத்தியது. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றார்கள். அதில் சொன்ன முறை நான்கே படிகள். முதலில் கற்பவரின் அச்சத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிவது. இரண்டாவது, வேலையைச் சிறு சிறு கூறாகப் பிரித்து மெதுவாகச் செய்து காட்டி, ஒவ்வொரு கூறிலும் கவனிக்க வேண்டியதையும் அதன் காரணத்தையும் சொல்வது. மூன்றாவது, அவரையே செய்யச் சொல்லி, செய்யும்போதே அவர் வாயால் விளக்கச் செய்வது. நான்காவது, தனியே விட்டுவிட்டு, முதலில் அடிக்கடியும் பிறகு இடைவெளி விட்டும் போய்ப் பார்ப்பது. மூன்றாவது படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எவரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். அவரையே விளக்கச் சொன்னால்தான் எங்கே தடுமாறுகிறார் என்பது வெளிப்படும்.

சகோதரி அடுத்த வாரமே இதைச் செய்து பார்த்தார். கைமடியைக் கொண்டு பட்டியிலும் கழுத்திலும் நான்கு இடத்தில் அடையாளம் வைக்கச் செய்தார். இடப்புறம் பின்னால் கிடந்த பட்டிக் கட்டைத் தையற்காரியின் கைக்கு எட்டும்படி முன்னால் வைத்தார். நான்கு நாளில் 60 வினாடி 48 ஆயிற்று. 90 வரவில்லை, மணிக்கு 75 வந்தது. ஆனால் அந்த 75 சகோதரி உட்காராமல் வந்த 75.

எந்திரத்தில் ஒருபோதும் உட்காரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. திடீரென ஒருவர் வராத காலையில், வேறு ஆள் கிடைக்கும்வரை உட்காரத்தான் வேண்டும். அப்போதும் அரை மணிக்கொரு முறை எழுந்து ஒவ்வொரு மேசையிலும் சில பீஸ்களைப் புரட்டிப் பார்த்துவர வேண்டும். ஒரே மேசையில் வாரத்துக்கு மூன்று முறை உட்காரும்படி நேர்ந்தால், அங்கே ஆளுக்குப் பயிற்சி போதவில்லை, அல்லது எந்திரமோ வேலைப் பங்கீடோ சரியில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

இனி அவரை உறங்கவிடாத மற்றொரு காரணத்துக்கு வருவோம். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கினார். ஒன்பது ஆண்டுகளாக ஒரே டிபன் கேரியரில் உண்ட தோழி ஒருத்தி அதே லைனில் கை வைப்பவர். இவர் மேற்பார்வையாளர் ஆனதும் அந்தத் தோழி வாரத்தில் இரண்டு நாள் இருபது நிமிடம் தாமதமாக வரத் தொடங்கினார். முதல் முறை இவர் காணாததுபோல் இருந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. "நேற்றுவரை உடனிருந்தவளிடம் எப்படிக் கேட்பது?" என்பது அவர் எண்ணம். எட்டு வாரம் இப்படிப் போயிற்று. லைனில் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இன்னொருத்தி பத்து நிமிடம் தாமதித்தபோது இவர் கேட்டுவிட, "அவளைக் கேட்டீர்களா அக்கா?" என்று நேராகவே சொல்லிவிட்டாள். மறுநாள் தோழி தாமதித்து வந்ததும், அடக்கி வைத்த எட்டு வாரக் கோபத்தையும் சேர்த்து, இருபது பேர் முன்னிலையில் இவர் கத்திவிட்டார். அன்றிலிருந்து தோழி பேசுவதில்லை. இவர் தனியே உண்கிறார்.

புதிய பொறுப்பாளர்கள் இதில் இரண்டு ஓரங்களில் ஒன்றுக்குப் போகிறார்கள். எதுவுமே மாறவில்லை என்பதுபோல் பழகுவது ஓர் ஓரம். பதவியேற்ற மறுநாளே முகத்தை இறுக்கிக்கொள்வது மற்றோர் ஓரம். இந்தச் சகோதரி முதல் ஓரத்தில் தொடங்கி, ஒரே நாளில் இரண்டாவதில் போய் விழுந்தார். மௌனமாக இருந்ததே அந்தக் கத்தலுக்கு விறகு சேர்த்தது.

பேச வேண்டியது முதல் தாமதத்தன்று. அன்றே, தனியே, இரண்டு நிமிடத்தில் முடியும் பேச்சு அது. "இன்று எட்டரைக்கு வர வேண்டியவள் எட்டு ஐம்பதுக்கு வந்தாய். அதுவரை பக்கம் மூட்டுபவர்களுக்குத் துணி வரவில்லை. என்ன ஆயிற்று?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். "நீ எப்போதுமே இப்படித்தான்", "நான் மேலே வந்தது உனக்குப் பொறுக்கவில்லை" போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை. நேரம், அதனால் விளைந்தது, காரணம் கேட்டல், இனி என்ன செய்வது என்ற முடிவு, அவ்வளவே. தோழியின் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? மாமியார் படுக்கையில் விழுந்திருக்கிறார். காலையில் அவருக்கு வேண்டியதைச் செய்துவிட்டு வர நேரமாகியிருக்கிறது. எட்டு வாரத்தில் எவரும் கேட்கவில்லை, அவரும், "மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள், இவளிடம் போய்ச் சலுகை கேட்பதா?" என்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் அந்த நாள்களில் அரை மணி பிந்தி வர அனுமதி வாங்கி, அதுவரை வேறொருவரைக் கை வைக்க அமர்த்தியிருக்கலாம்.

கத்தியது கத்தியாயிற்று, இனி என் செய்வது என்று கேட்டார். பலர் முன் செய்த தவற்றைத் தனியே மட்டும் திருத்தினால் போதாது என்பது நம் கருத்து. தோழியிடம் தனியே மன்னிப்புக் கேட்ட பின், லைனிலும் ஒரே வாக்கியம் சொல்லச் சொன்னோம்: "அன்று எல்லார் முன்னும் சத்தம் போட்டது என் தவறு, தாமதம் பற்றிய விதி எல்லாருக்கும் ஒன்றுதான்." இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் முதல் பாதி பலவீனமாகிவிடும். மிகைநேர வேலைக்கும் விடுமுறைக்கும் யார் யாருக்கு முறை வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, எவரும் பார்க்கும்படி வைக்கவும் சொன்னோம். மிகைநேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி உண்டு. ஆகவே அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பதைத்தான் லைனில் உள்ளவர்கள் முதலில் கவனிப்பார்கள்.

மேலிடத்தோடு பேசுவதிலும் அவர் ஒரு தவறு செய்திருந்தார். ஒரு திங்கட்கிழமை மேலாளர் வந்து, "சனிக்குள் 4,000 பீஸ் முடியுமா?" என்று கேட்டார். "முடித்துவிடுகிறோம் சார்" என்றார் இவர். புதியவர்கள் வாயிலிருந்து வேறு பதில் வருவது அரிது. "முடியாது" என்றால் பதவிக்குத் தகுதியில்லை என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம். ஆனால் கணக்கு மிக எளிது. மணிக்கு 75, எட்டு மணிக்கு 600, ஆறு நாளுக்கு 3,600. எந்த எந்திரமும் பழுதாகாமல், எவரும் விடுப்பு எடுக்காமல் இருந்தாலே 400 குறையும். வெள்ளி மாலை அது தெரிந்தபோது எவராலும் எதுவும் செய்ய இயலவில்லை. திங்களன்றே, "3,600 வரும், 400 குறையும். மூன்று நாள் இரண்டு மணி நேரம் மிகை வேலை தந்தால் 450 வரும், இல்லையேல் 400-ஐ அடுத்த லைனுக்குப் பிரித்துக் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால், மேலாளர் முகம் சற்றுச் சுளித்திருக்கும், ஆனால் முடிவெடுக்க ஐந்து நாள் இருந்திருக்கும். குறையும் என்ற செய்தியை எவ்வளவு முன்னதாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதற்கு வழி உண்டு. உடனே எண்ணிச் சொல்ல இயலாவிடில், "அரை மணியில் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் சார்" என்பதும் நல்ல பதிலே.

வந்த முதல் வாரத்திலேயே எல்லாருடைய இருக்கையையும் மாற்றி, புதிய விதிகளை ஒட்டிவைப்பவர்களும் உண்டு. இந்தச் சகோதரி அதைச் செய்யவில்லை; ஆகவே அதை விட்டுவிடுகிறோம்.

இனி அந்தத் தந்தையின் கேள்வி. பழைய மேசைக்குத் திரும்புவதில் தலைகுனிவு எதுவும் இல்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் கைதேர்ந்த தையற்காரர், மாதச் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளரைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கும் இடங்களும் உண்டு. மனத்துக்கு உகந்தது தையல்தான் என்றால் அதையே செய்யட்டும். ஆனால் அந்த முடிவை மூன்றாம் மாதத்தில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். பழைய வேலையின் நிறைவு கையைவிட்டுப் போய், புதிய வேலையின் நிறைவு இன்னும் வந்துசேராத காலம் அது. ஆறாம் மாதத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும்: தாம் ஒரு நாள் விடுப்பெடுத்தால் லைன் ஓடுகிறதா? தவறு நேர்ந்தால் அதைச் செய்தவரே வந்து தம்மிடம் சொல்கிறாரா? வேறொருவர் தேர்ச்சி பெறுவதைக் காண்பதில் தமக்கு மகிழ்ச்சி உண்டாகிறதா? மூன்றாவதற்கு "இல்லை" என்பதே பதிலானால் தாராளமாக மேசைக்குத் திரும்பலாம்.

வீட்டாரிடம் நாம் ஒன்றே ஒன்று கேட்டோம். மாலையில் மகள் வந்ததும், "இன்று எத்தனை பீஸ்?" என்று கேட்க வேண்டாம், அதை அங்கே கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். "இன்று யார் என்ன கற்றுக்கொண்டார்கள்?" என்று கேட்டுப் பார்க்கட்டும். தந்தை சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

இந்த இதழ் அச்சுக்குப் போகுமுன் அந்தச் சகோதரியிடமிருந்து நான்கு வரி வந்தது. கழுத்து மேசைப் பெண் 44 வினாடிக்கு வந்துவிட்டாராம். தோழி இன்னும் முன்போல் பேசவில்லை; ஆனால் மாமியாருக்கு மருத்துவமனை போகும் நாளை இம்முறை முன்கூட்டியே வந்து சொல்லியிருக்கிறார்.